ரெலூ, மெஃப், ஷெலூ: திருப்பிப் போட்ட பிரெஞ்சைப் பிடிப்பது எப்படி

என் சித்தி பாரிஸுக்கு வடக்கே லா கூர்னெவ்வில் இருக்கிறார். பிரெஞ்சு வகுப்புக்கு ஒழுங்காகப் போனவர். தபால் கந்தோரிலும் ஆஸ்பத்திரியிலும் யாருடைய உதவியும் இல்லாமல் பேசிச் சமாளிப்பார். ஒருநாள் மேசையில் கிடந்த மகனின் போனில் ஒரு மெசேஜ் மின்னியது. வாசித்துப் பார்த்தார், பாதிச் சொற்கள் புரியவில்லை. அப்படியே எழுதி எனக்கு அனுப்பிவிட்டு, "தம்பி, இது பிரெஞ்சோ, வேற ஏதும் பாஷையோ?" என்று கேட்டார். மகனின் போனை வாசிக்கலாமா என்ற விவகாரத்துக்குள் நான் போகவில்லை. மெசேஜ் இதுதான்:

```
Frère t'es relou, viens à la teuf.
Ya la meuf d'hier. Son reuf est vénère, c'est chelou.
```

இது பிரெஞ்சுதான். இலக்கணம் முழுக்கப் பிரெஞ்சு, வாக்கிய அமைப்பும் பிரெஞ்சு. ஐந்து சொற்கள் மட்டும் தலைகீழாக நிற்கின்றன: ரெலூ, தெஃப், மெஃப், ரெஃப், ஷெலூ. ஆறாவதாக வேநேர் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் திருப்பியதுதான், ஆனால் கொஞ்சம் சுற்றுவழியில். இப்படிச் சொல்லைத் திருப்பிப் பேசும் பழக்கத்துக்கு வெர்லான் என்று பெயர். அந்தப் பெயரே அதற்கு ஓர் உதாரணம். பிரெஞ்சில் 'தலைகீழ்' என்பதற்கு லான்வெர் என்பார்கள். லான், வெர் என்ற இரண்டு அசைகளையும் இடம் மாற்றினால் வெர்லான்.

இங்கே முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம், திருப்பப்படுவது ஒலி, எழுத்து அல்ல. விகடகவி என்ற சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து வாசிப்பது போன்ற விளையாட்டு இது இல்லை. பிரெஞ்சில் எழுதுவது ஒன்று, சொல்வது இன்னொன்று. சொல்வதைத்தான் வெட்டி மாற்றுகிறார்கள். பள்ளியில் எழுத்துக்கூட்டிப் பிரெஞ்சு படித்தவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். அவர்கள் மனதில் சொல்லின் எழுத்து வடிவம் இருக்கிறது, தெருவில் பேசுகிறவனின் வாயில் ஒலி வடிவம் மட்டும்தான் இருக்கிறது. தமிழ் எழுத்தில் பழகிய கண்ணுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம் உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அசை. அதனால் பிரெஞ்சுச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார்த்தால், எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்பது சட்டென்று தெரிந்துவிடும்.

இரண்டு அசைச் சொல் என்றால் வேலை சுலபம். அழுகியது, கெட்டுப்போனது என்பதற்குப் பூரி (நம் பூரி அல்ல). திருப்பினால் ரிபூ. விசித்திரம் என்பதற்குப் பிஸார். திருப்பினால் ஸர்பி. கொட்டுவது, விழுவது என்பதற்குத் தோன்பே. திருப்பினால் பேதோன். இந்த வகையைக் காதில் கேட்டதும் நடுவில் வெட்டி மாற்றிப் பார்த்தால் போதும், பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

ஓரசைச் சொல்லில்தான் ஆட்டம் சூடு பிடிக்கிறது. பெண் என்பதற்குப் பிரெஞ்சில் ஃபாம். இருப்பதே ஓர் அசை, இதில் எதை எதோடு மாற்றுவது? அதற்கு முதலில் ஓர் அசையைக் கூட்டிக்கொள்கிறார்கள். நாம் 'பஸ்' என்று நிறுத்த முடியாமல் 'பஸ்ஸு' என்கிறோம் அல்லவா, 'பால்' என்பது பேச்சில் 'பாலு' ஆகிறதல்லவா, அதே மாதிரி. நமக்கு அந்த இடத்தில் உகரம் வருகிறது, அவர்களுக்கு எகரம் போன்ற ஒரு மெலிந்த ஒலி வருகிறது. நாக்கு 'எ' சொல்லும், உதடு 'ஒ' சொல்வது போலக் குவியும். லா கூர்னெவ் என்ற ஊர்ப் பெயரின் கடைசி அசையில் வருவதும் ஏறக்குறைய இதே ஒலிதான். இந்தக் கட்டுரையில் அதை 'எ' என்றே எழுதுகிறேன், தமிழில் அதற்குத் தனி எழுத்து இல்லை.

சரி, ஃபாம் இப்போது ஃபாமெ ஆகிவிட்டது. அசைகள் இரண்டு: ஃபா, மெ. இடம் மாற்றினால் மெஃபா. அப்புறம் கடைசி உயிரை வெட்டி எறிகிறார்கள். மெஃப். மூன்றே படிகள்: ஓர் ஒலியைச் சேர், மாற்று, வாலை வெட்டு. மெசேஜில் இருக்கும் மற்ற இரண்டும் இதே அச்சில் வார்த்தவை. விருந்து, கொண்டாட்டம் என்பதற்கு ஃபெத். அது ஃபெதெ ஆகி, தெஃபெ ஆகி, தெஃப் ஆகிறது. சகோதரன் என்பதற்கு ஃப்ரேர். அது ஃப்ரேரெ, ரெஃப்ரே, கடைசியில் ரெஃப். போலீஸ்காரரைக் குறிக்கும் பழைய கொச்சைச் சொல் ஃப்லிக், அது இதே வழியில் போய்க் கெஃப் ஆனது. அம்மா என்ற பொருள் தரும் மேர், ரெம் ஆனது.

வாலை வெட்டும் அந்த மூன்றாவது படியில் நிறைய ஒலி தொலைந்துபோகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கெஃப் என்ற சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஃப்லிக் என்ற மூலத்தை யாராலும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. நடுவில் இருந்த லகரமும் இகரமும் போய்விட்டன. மிஞ்சியிருப்பவை ககரமும் ஃபகரமும்தான். அதுபோல மெஃப் என்பதில் ஆகாரம் இல்லை, ரெஃப் என்பதில் ஒரு ரகரமும் ஏகாரமும் இல்லை. எனவே ஓரசை வெர்லானைப் பிரிப்பது முழுப் பெயர் தெரியாமல் இனிஷியலை வைத்து ஆளைத் தேடுவது போன்றது. மெய்யெழுத்துகள் இரண்டு கிடைக்கும், நடுவில் எந்த உயிர் இருந்தது என்பதைப் பேச்சின் போக்கை வைத்து ஊகிக்க வேண்டும்.

எப்போது வாலை வெட்டுவார்கள், எப்போது வெட்டமாட்டார்கள் என்று கேட்டால் உறுதியான விதி கிடையாது. விருந்து என்ற ஃபெத்தும் முட்டாள் என்ற பெத்தும் எதுகை போட்டுக்கொள்ளும் அளவுக்கு ஒரே வடிவம். ஆனால் முதலாவது வெட்டுப்பட்டுத் தெஃப் ஆகிறது, இரண்டாவது வெட்டுப்படாமல் தெபே என்று நிற்கிறது. தெபே என்பதையும் வெட்டியிருந்தால் ஆண்குறியைச் சொல்லும் இன்னொரு வெர்லான் சொல்லோடு போய் முட்டியிருக்கும், ஒருவேளை அதனால் தப்பித்ததோ என்னவோ. காரணம் எதுவானாலும், வெர்லான் சொற்களை ஒருவன் தானே உருவாக்கிப் பேச முயன்றால் பெரும்பாலும் சிரிப்புத்தான் வரும். கூட்டம் ஏற்றுக்கொண்ட வடிவம் எதுவோ அதுதான் சொல்.

இனி வெட்டுப்படாத வகை. பாரம், கனம் என்பதற்கு லூர். அது லூரெ ஆகி, ரெலூ ஆகி, அங்கேயே நின்றுவிட்டது. சந்தேகத்துக்கு இடமான, நேர்மையற்ற என்ற பொருளில் வரும் லூஷ், லூஷெ ஆகி, ஷெலூ ஆனது. கறுப்பு என்ற நுவார், ரெநுவா ஆகிக் கறுப்பினத்தவரைக் குறித்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் அடையாளம் தெரிகிறது. சொல்லின் முதலில் வரும் ரெ, ஷெ எல்லாம் மூலச் சொல்லின் கடைசி மெய்யெழுத்து. அதைக் கழற்றி, எகரத்தை எறிந்துவிட்டு, பின்னால் ஒட்டினால் வேலை முடிந்தது.

ஒலியைப் பிரித்துவிட்டால் பொருள் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், வெர்லானில் ஆட்கள் ஏமாறுவது ஒலியில் அல்ல, பொருளில்தான்.

லூர் என்றால் கனம். கனமான பெட்டி, கனமான சாப்பாடு, கனத்த வானம், ஜோக்கென்று நினைத்து உளறித் தொல்லை கொடுக்கும் ஆள், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதும். திருப்பிப் போட்ட ரெலூ அந்தக் கடைசிப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ரெலூ என்றால் அறுவை, தொல்லை, எரிச்சல் மூட்டுகிற ஆள் அல்லது காரியம். தெருவில் பின்னாலேயே வந்து பேச்சுக் கொடுக்கும் ஆண் ரெலூ. மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பப் படிவம் ரெலூ. இருபது கிலோ அரிசி மூட்டை ரெலூ ஆகாது, அது லூர் மட்டும்தான். அந்த மூட்டையை மூன்றாம் மாடிக்குத் தூக்கும்போது லிஃப்ட் பழுதாகிக் கிடந்தால், அந்த நிலைமை ரெலூ.

நமக்கு இது புதிதல்ல. தமிழ் இலக்கணத்தில் இலக்கணப்போலி என்று ஒன்று படித்திருப்போம். கால்வாய் என்பது முன்பின் மாறி வாய்க்கால் ஆனது. பாடப்புத்தகம் இரண்டுக்கும் ஒரே பொருள் என்கிறது. ஆனால் சூயஸ் கால்வாயைச் சூயஸ் வாய்க்கால் என்று யாராவது சொல்வார்களா? மாறிப் போன சொல் வயலோரம் போய்ச் சிறு நீரோட்டத்தைத் தனதாக்கிக்கொண்டது. ரெலூ செய்ததும் அதுவேதான்.

ஷெலூவின் கதை இன்னும் வேடிக்கை. லூஷ் என்ற ஒலிக்கு அகப்பை என்றும் ஒரு பொருள் உண்டு. சூப் ஊற்றும் அகப்பையை எந்தப் பிரெஞ்சுப் பிள்ளையும் ஷெலூ என்று சொன்னதில்லை. தவிர, லூஷ் என்று ஒருவரைச் சொன்னால் அவர் நேர்மையில் சந்தேகம் என்று அர்த்தம். ஷெலூவில் அந்தக் குற்றச்சாட்டின் காரம் குறைந்துவிட்டது. ஏதோ சரியில்லை, ஏதோ விசித்திரமாக இருக்கிறது என்ற அளவுதான். வாசம் மாறிப்போன பாலும் ஷெலூ, காரணமில்லாமல் பேசாமல் இருக்கும் நண்பனும் ஷெலூ.

மெஃப்பும் அப்படித்தான். ஃபாம் என்பதற்குப் பெண், மனைவி என்று இரண்டு பொருளும் உண்டு. 'மா ஃபாம்' என்றால் என் மனைவி. 'மா மெஃப்' என்றால் என் காதலி என்றுதான் காது கேட்கும். கல்யாணமாகி இருபது வருடம் ஆனவர் அலுவலகத்தில் தன் மனைவியை அப்படிச் சொன்னால், ஒன்று இளமையாகக் காட்டிக்கொள்கிறார், இல்லையென்றால் மரியாதைக் குறைவாகப் பேசுகிறார். வெறுமனே 'மெஃப்' என்றால் பெண், பொண்ணு என்ற அளவு. அது வசைச்சொல் அல்ல, ஆனாலும் ஒரு பெண்ணின் அம்மாவிடம் பேசும்போது வாயில் வரக்கூடாத சொல். தெஃப் என்பதும் இளவட்டங்கள் ஆடிப்பாடும் பார்ட்டிக்கு மட்டும். ஜூலை 14 தேசியத் திருநாளும் அன்னையர் தினமும் என்றைக்கும் ஃபெத்தான்.

இந்தப் பின்னணியோடு சித்தியின் மெசேஜுக்கு வரலாம். முதல் சொல் ஃப்ரேர், திருப்பாமல் நேராக நிற்கிறது. இங்கே அது அண்ணன் தம்பியைக் குறிக்கவில்லை, நம் பையன்கள் 'மச்சான்' என்று கூப்பிடுவது மாதிரியான விளி. அடுத்த வரியில் அதே சொல் ரெஃப் என்று திரும்பி நிற்கிறது, அங்கே உண்மையிலேயே உடன்பிறந்தவன். ஒரே மெசேஜில் ஒரே சொல் நேராகவும் தலைகீழாகவும் வந்து இரண்டு வேலை பார்க்கிறது. எல்லோரும் எப்போதும் இப்படிப் பிரித்துத்தான் எழுதுவார்கள் என்று நினைக்க வேண்டாம், ரெஃப் என்று நண்பனைக் கூப்பிடுவதும் சகஜம். இந்தப் பையன் இப்படி எழுதியிருக்கிறான், அவ்வளவுதான்.

வேநேர் என்பதுதான் சித்தியை அதிகம் குழப்பியது. அகராதியில் தேடியிருக்கிறார், 'வணங்குகிறான்' என்று வந்ததாம். வணங்குவதற்கும் பிரெஞ்சில் வேநேர் என்றே ஒலிக்கும், எழுத்தும் அச்சாக அதேதான். ஆனால் இங்கே மூலம் எநெர்வே, கோபமடைந்தவன். மூன்று அசைகள்: எ, நெர், வே. கடைசியிலிருந்து அடுக்கினால் வே, நெர், எ. வால் எகரம் உதிர, வேநேர். இரண்டில் எது என்பதைச் சொல்லின் இடம் காட்டிக் கொடுக்கிறது. மெசேஜில் 'எ வேநேர்' என்று இருக்கிறது, அந்த எ 'ஆக இருக்கிறான்' என்ற துணைவினை. அதன் பின்னால் ஒரு குணம்தான் வர முடியும், 'வணங்குகிறான்' என்ற முற்றுவினை வர முடியாது. ஆக மெசேஜின் சாரம் இவ்வளவுதான்: மச்சான், சும்மா அறுக்காமல் பார்ட்டிக்கு வா. நேற்றுப் பார்த்த பொண்ணும் இங்கே இருக்கிறாள். அவளுடைய அண்ணனோ தம்பியோ கடுப்பில் இருக்கிறான், என்னமோ சரியில்லை.

(இதைச் சித்திக்கு மொழிபெயர்த்துச் சொன்னதற்காக அந்தப் பையன் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.)

இலக்கணம் தருகிற துப்பு இன்னும் இரண்டு உண்டு. பிரெஞ்சில் பெயரடை ஆண்பால் பெண்பாலுக்கு ஏற்ப மாறும். லூர் ஆண்பால், பெண்பாலுக்கு லூர்த். ரெலூ மாறாது, அவனும் ரெலூ, அவளும் ரெலூ. வினைச்சொல்லிலும் இதே விறைப்பு. பிடிப்பது என்பதற்கு ஷோபே, அதைத் திருப்பினால் பேஷோ. ஒரு பெண்ணையோ பையனையோ மடக்குவது, கஞ்சா வாங்குவது போன்ற காரியங்களுக்கு அந்தச் சொல் ஒதுங்கிவிட்டது. நான், நீ, அவன் என்று யார் வந்தாலும், நேற்று நாளை என்று எந்தக் காலம் ஆனாலும் பேஷோவின் ஈறு மாறுவதில்லை. சிரிப்பது என்ற ரிகோலேயிலிருந்து வந்த கோல்ரியும் அப்படியே. வாக்கியத்தின் நடுவே ஈறு மாறாத ஒரு வினை கட்டை போல நின்றால் வெர்லானா என்று சந்தேகப்படலாம். சந்தேகம் மட்டும்தான், ஏனென்றால் ரோமா மக்களின் மொழியிலிருந்து வந்த 'அவ்' என்று முடியும் கொச்சை வினைகளும் இதே மாதிரி மரக்கட்டையாக நிற்கும்.

திரையில் வாசிக்கும்போது கண் தேட வேண்டியது `eu` என்ற ஜோடி எழுத்தை. அதற்கு முன்னால் `k`, `t`, `m`, `r` இவற்றில் ஒன்று, பின்னால் ஒரே ஒரு மெய், மொத்தம் நாலு எழுத்தில் ஒரு சொல் என்றால் வெர்லான் வாடை அடிக்கிறது. முக்கியமாக `k`. சாதாரணப் பிரெஞ்சில் `k` அபூர்வம், அதனால் `keuf` போன்ற சொல் பக்கத்தில் துருத்திக்கொண்டு தெரியும். ஒலிப்படி எழுதுவதால் எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும்.

சொற்களைப் புரட்டும் பழக்கம் எவ்வளவு பழையது என்று கேட்டால், 19ஆம் நூற்றாண்டிலேயே கைதிகளின் பேச்சில் தூலோன் என்ற சிறைத் துறைமுகத்தை லோன்தூ என்று சொன்ன பதிவு உண்டு. 1953இல் குற்றக்கதை எழுதிய ஒகுஸ்த் லெ பிரெத்தோன், பின்னாளில் இந்தப் பேச்சுவழக்கை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவன் நான்தான் என்று உரிமை கொண்டாடினார். ஆனாலும் அது சிறையிலும் கள்ளச்சந்தையிலும் சுற்றிய விஷயமாகத்தான் இருந்தது. 1970களில் பாரிஸைச் சுற்றியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில், வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் அதைத் தங்கள் பேச்சாக்கிக்கொண்டார்கள். வீட்டு மொழி அப்பா அம்மாவுடையது, பள்ளி மொழி வாத்தியாருடையது, இது மட்டும் அவர்களுடையது.

அங்கிருந்து அது வெளியே கசிந்தது. ரெனோ என்ற பாடகர் 1977இல் வெளியிட்ட 'லெஸ் பேதோன்' நாடு முழுக்க ஒலித்தது. 'விட்டுத் தள்ளு' என்ற மரபுத்தொடரில் தோன்பே பேதோன் ஆகியிருக்கிறது. பேதோன் என்றால் கான்கிரீட் என்றும் பொருள் என்பதால் நேராகக் கேட்டால் 'கான்கிரீட்டை விடு' என்றிருக்கும். 1984இல் லஞ்சம் வாங்கும் போலீஸ்காரர்களைப் பற்றி வந்த 'லே ரிபூ' என்ற படம் வெற்றி பெற, ரிபூ என்றாலே ஊழல் போலீஸ் என்று ஆகிவிட்டது. அழுகிய ஆப்பிளைப் பூரி எனலாம், ரிபூ எனமுடியாது. 1985 ஏப்ரலில் ஜனாதிபதி மித்தெரானைத் தொலைக்காட்சியில் பேட்டி கண்ட ஈவ் மூருஸி, நீங்கள் ஷேப்ரானா என்று கேட்டார். காலத்தோடு இணைந்தவர் என்ற பொருளில் வரும் ப்ரான்ஷேயின் தலைகீழ் அது. அறுபத்தெட்டு வயது ஜனாதிபதிக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. அது கொஞ்சம் பழசாகிவிட்டது, இப்போது காப்ளே என்று சொல்ல வேண்டும் என்று பேட்டி எடுத்தவரையே திருத்தினார்.

அதே ஆண்டுகளில் நடந்த இன்னொரு கதைதான் வெர்லானின் போக்கை நன்றாகக் காட்டுகிறது. அரபியர் என்பதற்கு அராப். கடைசியில் எகரம் சேர்த்து மூன்று அசை: அ, ரா, பெ. பின்னாலிருந்து அடுக்கி நெருக்கிச் சொன்னால் பெர். பிரான்ஸில் பிறந்து வளர்ந்த அரபுப் பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் அது. 1981இல் பாரிஸில் 'ராதியோ பெர்' என்ற வானொலி தொடங்கியது. 1983இல் இனவெறிக்கு எதிராகவும் சம உரிமை கேட்டும் மார்சேய் நகரிலிருந்து பாரிஸுக்கு நடந்தே போனார்கள், பத்திரிகைகள் அதைப் 'பெர்களின் நடைபயணம்' என்று எழுதின. அத்தோடு அந்தச் சொல் தொலைக்காட்சிக்காரர்களின் சொல்லாகவும் அரசியல்வாதிகளின் சொல்லாகவும் ஆகிவிட்டது. போதாததற்கு வெண்ணெய் என்பதற்கான சொல்லும் அதே ஒலி. யாரைக் குறித்ததோ அவர்களுக்கே அது கசந்துபோயிற்று.

அப்புறம் என்ன செய்தார்கள்? மறுபடியும் திருப்பினார்கள். பெர் என்பது பெரெ ஆகி, ரெபெ ஆனது. இரண்டு தடவை திருப்பினால் பழைய இடத்துக்கே வந்துவிட வேண்டும் அல்லவா? வரவில்லை. முதல் திருப்பத்தில் தொலைந்த இரண்டு உயிர்களும் தொலைந்தவைதான், ரெபெவிலிருந்து அராப்புக்குத் திரும்பிப் போக வழியில்லை. இன்றும் புழங்குவது ரெபெதான், பெர் பழைய செய்தித்தாள் வாசனையோடு அகராதியில் இருக்கிறது. மெஃப்பையும் இதே போல மறுமுறை புரட்டிப் ஃபெமெ என்று சொல்வது உண்டு, ஆனால் அது மெஃப் அளவுக்குப் பரவவில்லை. மெஃப் இன்று சின்னப் பையன்களின் ரகசியச் சொல்லும் அல்ல. அதைச் சொல்லி வளர்ந்த தலைமுறைக்கு இப்போது நரை விழுந்துவிட்டது. லெஸ் பேதோன் என்று இன்று ஒருவர் சொன்னால், பழைய பாட்டுக் கேட்கிற பெரியப்பா என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

புதிதாகக் கற்றுக்கொண்டவருக்கு இன்னொரு வியாதி வரும். கேட்கிற ஒவ்வொரு புரியாத சொல்லையும் திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிடுவார். ஊஃப் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தியம் என்ற ஃபூ உயிரில் முடிகிற ஓரசை, அங்கே எகரம் சேர்க்க இடமில்லை. அதனால் உயிர்மெய்யையே பிளக்கிறார்கள். ஃப், ஊ என்பது ஊ, ஃப் ஆகிறது. 'செ ஊஃப்' என்றால் நம்பவே முடியவில்லை, பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. ஆனால் பஸ்ஸை ஓடிப் பிடித்துவிட்டு மூச்சு வாங்குகிறவர் சொல்லும் 'ஊஃப்!' வெறும் பெருமூச்சுதான், அதை எத்தனை முறை திருப்பினாலும் உள்ளே ஒன்றும் இல்லை. தனியாக, வாக்கியத்துக்கு வெளியே நின்றால் பெருமூச்சு, 'அது' என்ற எழுவாயோடு சேர்ந்து நின்றால் வெர்லான்.

நானும் இந்த வியாதியில் விழுந்தவன்தான். இரண்டு மாதம் கழித்துச் சித்தி மறுபடி ஒரு சொல் அனுப்பினார். மகன் பரீட்சை முடிவு பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, "ஜே ல செம்" என்றானாம். திரையில் `seum`. நான் மேலே சொன்ன லட்சணம் ஏறக்குறைய எல்லாமே அதற்கு இருக்கிறது, நாலு எழுத்து, நடுவில் `eu`, பின்னால் ஒரு மெய். எனக்கு அகப்பட்டுவிட்டது என்று உட்கார்ந்தேன். முதலில் ஸகரம், கடைசியில் மகரம், ஆகவே மூலத்தில் மகரம் முந்தி, ஸகரம் பிந்தி. மாஸ், மிஸ், மோஸ், மூஸ் என்று எல்லா உயிரையும் போட்டுப் பார்த்தேன். மூஸ் என்றால் நுரை. 'எனக்கு நுரை வந்துவிட்டது' என்று ஒரு விளக்கம்கூடத் தயார் செய்து அனுப்பினேன், கோபத்தில் நுரை தள்ளுகிறதாம்.

பையன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தானாம், அந்த மட்டில் நல்லது. செம் என்பது அரபு, நஞ்சு என்று பொருள். வட ஆப்பிரிக்க வீடுகளிலிருந்து தெருவுக்கு வந்து, வயிற்றெரிச்சல், கடுப்பு என்ற பொருளில் நிலைத்துவிட்டது. அது நேராகத்தான் இருந்தது, திருப்பியது நான்.